பழைய ஹார்ட் டிஸ்க்கை வெளியே எடுத்தாயிற்று: கேபிளா, கேசிங்கா?

தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது மாமா ஒரு பிளாஸ்டிக் பையைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். உள்ளே இரண்டு ஹார்ட் டிஸ்க். ஒன்று அவருடைய பழைய லேப்டாப்பில் இருந்தது, உள்ளங்கையில் அடங்கும். மற்றொன்று கோலாலம்பூர் செந்தூலில் அவர் நடத்திவந்த அழைப்பிதழ் அச்சுக்கடையின் டெஸ்க்டாப்பில் இருந்தது, கையில் எடுத்தாலே கனம் தெரியும். லேப்டாப்பில் திரை போய்விட்டது. டெஸ்க்டாப்பில் மதர்போர்டு போய்விட்டது. டிஸ்க் இரண்டும் நன்றாகத்தான் இருக்கும் என்பது அவர் நம்பிக்கை.

"ஒரு கேசிங் வாங்கி மாத்தி மாத்திப் போட்டா ரெண்டும் ஓடுமில்லடா?" என்றார்.

ஓடாது. ஏன் ஓடாது என்று சொல்வதற்கு முன்னால் நான் அவரிடம் கேட்டது வேறு: "மாமா, உங்களுக்கு வேண்டியது டிஸ்க்கா, அதுக்குள்ள இருக்கிறதா?" அவர் முழித்தார். ஆனால் டிஸ்க்கை யூஎஸ்பியில் மாட்டும் கேபிள் வாங்குவதா, டிஸ்க்கை உள்ளே வைத்து மூடும் கேசிங் வாங்குவதா என்பது இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது. உள்ளே இருக்கும் படங்களையும் கோப்புகளையும் ஒருமுறை எடுத்துவிட்டால் போதும் என்றால் ஒரு வழி. அந்த டிஸ்க்கையே இனி பென்டிரைவ் மாதிரி கையில் வைத்துப் புழங்கவேண்டும் என்றால் வேறு வழி. கடைக்காரர் இதைக் கேட்கமாட்டார். கையில் எது இருக்கிறதோ அதை எடுத்து நீட்டுவார்.

முதலில் டிஸ்க் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். லேப்டாப் டிஸ்க் 2.5 அங்குலம், டெஸ்க்டாப் டிஸ்க் 3.5 அங்குலம். பின்பக்கம் திருப்பினால் இரண்டிலும் ஒரே மாதிரி இரண்டு தட்டையான இணைப்புகள், ஒவ்வொன்றின் ஓரமும் ஆங்கில எல் எழுத்துபோல் மடிந்திருக்கும். சின்னது 7 தகடு, தகவல் போவதற்கு. பெரியது 15 தகடு, மின்சாரம் வருவதற்கு. இதுதான் சாட்டா. அளவு மாறினாலும் இணைப்பு மாறுவதில்லை. குழப்பமே அங்கேதான் ஆரம்பிக்கிறது. லேப்டாப் டிஸ்க்கை மாட்டும் கேபிள் டெஸ்க்டாப் டிஸ்க்கிலும் அழகாகப் போய் உட்காரும். ஆனால் டிஸ்க் சுற்றாது.

காரணம் லேபிளிலேயே அச்சாகியிருக்கிறது. மாமாவின் லேப்டாப் டிஸ்க்கில் 5 வோல்ட், 0.55 ஆம்பியர் என்று மட்டும் இருந்தது. டெஸ்க்டாப் டிஸ்க்கில் இரண்டு வரி: 5 வோல்ட் 0.68 ஆம்பியர், 12 வோல்ட் 0.55 ஆம்பியர். யூஎஸ்பி துளை வழக்கமாகத் தருவது 5 வோல்ட்தான். லேப்டாப் டிஸ்க்குக்கு அது போதும். டெஸ்க்டாப் டிஸ்க்கின் மோட்டாரைச் சுற்றவைப்பது அந்த 12 வோல்ட். அது யூஎஸ்பியில் வராது, சுவரிலிருந்து தனி அடாப்டர் வைத்துத்தான் தரவேண்டும். அதோடு, லேபிளில் இருப்பது டிஸ்க் ஓடிக்கொண்டிருக்கும்போது இழுக்கும் அளவு. நின்றிருக்கும் தட்டுகளைச் சுற்ற ஆரம்பிக்கும் அந்தச் சில விநாடிகளில் 12 வோல்ட்டில் 2 ஆம்பியர் பக்கம் இழுக்கும். அதனால்தான் இந்தக் கேபிள்களோடு வரும் அடாப்டரில் 12 வோல்ட் 2 ஆம்பியர் என்று போட்டிருக்கும்.

இணைப்பில் தகடுகளுக்குப் பதிலாக இரண்டு வரிசை ஊசிகள் நீட்டிக்கொண்டிருந்தால் அது சாட்டா இல்லை, அதற்கு முந்தைய ஐடிஇ. அதற்கு வேறு கேபிள். அதேபோல் அண்மைக்கால மெல்லிய லேப்டாப்பைத் திறந்தால் டிஸ்க்கே இருக்காது, சூயிங்கம் பட்டைபோல ஒரு எம்.2 எஸ்எஸ்டி இருக்கும். அதற்கென்று உள்ள கேசிங் வாங்கவேண்டும். அதிலும் சாட்டா, என்விஎம்இ என்று இரண்டு வகை இருப்பதால் இரண்டையும் ஏற்கும் கேசிங்காகக் கேட்டு வாங்கினால் திரும்ப அலையவேண்டாம். மிக மலிவான லேப்டாப்புகளில் சேமிப்பு போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும். அங்கே கழற்ற ஒன்றும் இல்லை.

சரி, கேபிள். புக்கிட் பிந்தாங்கில் லோ யாட் பிளாசாவில் ஏறி இறங்கினால் இரண்டு விதம் கிடைக்கும். முதலாவது, ஒரு முனையில் யூஎஸ்பி, மறுமுனையில் சாட்டா, நடுவில் ஒரு சாண் கம்பி, அவ்வளவுதான். நான் ஒன்று 18 வெள்ளிக்கு வாங்கி வைத்திருக்கிறேன். லேப்டாப் டிஸ்க்குக்கும் 2.5 அங்குல எஸ்எஸ்டிக்கும் மட்டும் இது ஆகும். இரண்டாவது வகையில் சாட்டா முனைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன வட்டத் துளை இருக்கும், அதில் செருக 12 வோல்ட் அடாப்டர் கூடவே வரும். எனக்கு 65 வெள்ளி ஆனது. இது இரண்டு அளவு டிஸ்க்குக்கும் ஆகும். ஒரே ஒரு சாமான்தான் வாங்குவேன் என்பவருக்கு நான் கைகாட்டுவது இதைத்தான். அடாப்டர் மூன்று முள் பிளக்கோடு, சிரிம் லேபிளோடு வருகிறதா என்று பார்த்து வாங்குங்கள். வெளிநாட்டு இரட்டை முள் அடாப்டரைப் பேனா நுனியால் குத்திச் சுவரில் செருகும் பழக்கம் நம் வீடுகளில் உண்டு. இரவு முழுக்க ஓடப்போகும் வேலைக்கு அது வேண்டாம்.

கேபிளின் நல்ல பக்கம் என்னவென்றால், டிஸ்க்கின் தடிமன், நீளம், அகலம் எதைப் பற்றியும் அதற்குக் கவலையில்லை. கெட்ட பக்கமும் அதுதான். டிஸ்க் உடுப்பில்லாமல் மேசைமேல் கிடக்கும். அடிப்பக்கம் பச்சை சர்க்கிட் போர்டு அப்படியே தெரியும். அதை இரும்பு மேசைமேலோ, லேப்டாப்பின் உலோக மூடிமேலோ வைத்தால் ஷார்ட் ஆகலாம். மெத்தைமேல் வைத்தால் சூடு வெளியேற வழியில்லை. நான் நாளிதழை நான்காய் மடித்து மரமேசையில் போட்டு, அதன்மேல் லேபிள் மேலே தெரியும்படி வைப்பேன். 3.5 அங்குல டிஸ்க் என்றால் பக்கத்தில் ஒரு மேசை விசிறி. நம் ஊர் வெக்கைக்கு, மூன்று மணிநேரம் ஓடிய டிஸ்க்கைத் தொட்டால் கை தானாக விலகும்.

இன்னொரு பலவீனம் அந்த எல் வடிவப் பிளாஸ்டிக். டிஸ்க்கின் இணைப்பில் தகடுகளைத் தாங்கிக்கொண்டிருப்பது ஒரு மெல்லிய பிளாஸ்டிக் நாக்கு. கேபிள் மேசை விளிம்பிலிருந்து தொங்கி, யாராவது காலில் இடறி இழுத்தால் அது பட்டென்று ஒடியும். ஒடிந்தபின் தகடுகள் மட்டும் முடிபோல நீட்டிக்கொண்டு நிற்கும். உள்ளே இருப்பது எல்லாம் பத்திரம், ஆனால் எடுக்க வழியில்லை. என் அக்கா மகன் ஒருமுறை இப்படி ஒடித்துவிட்டான். டிஸ்க்கை மேசைக்கு நடுவில் வைப்பதும், கேபிளை நேராக உருவுவதும், மேலும் கீழும் ஆட்டாமல் இருப்பதும் போதும், இது நடக்காது.

அடாப்டர் விஷயத்தில் அவன் அதைவிடப் பெரிதாக ஒன்று செய்தான். கேபிளோடு வந்த அடாப்டரைக் காணோம் என்று, துளைக்குள் சரியாகப் போகிறதே என்று பழைய லேப்டாப் சார்ஜரைச் செருகினான். வட்ட முனைகள் பலவும் ஒரே அளவில் இருப்பதால் போகத்தான் செய்யும். ஆனால் லேப்டாப் சார்ஜர் 19 வோல்ட். டிஸ்க் போர்டில் அதிக வோல்ட்டேஜைத் தாங்கிச் சாவதற்கென்றே ஒரு பாதுகாப்பு டையோடு இருப்பது வழக்கம். அது எரிந்து ஷார்ட் ஆகி, டிஸ்க் அசைவற்றுப் போனது. ரிப்பேர் தெரிந்த ஒருவர் அந்த டையோடைக் கழற்றியபின் டிஸ்க் உயிர் பெற்றது. அது அவன் அதிர்ஷ்டம், எல்லாருக்கும் அப்படி அமையாது. வீட்டு வைஃபை ரௌட்டரின் 12 வோல்ட் 1 ஆம்பியர் அடாப்டரைச் செருகினால் ஒன்றும் எரியாது, ஆனால் டிஸ்க் சுற்ற முயன்று, போதாமல் நின்று, மறுபடி முயலும். டிக், உய்ய்ங், டிக், உய்ய்ங். கேட்பவர் டிஸ்க் போய்விட்டது என்று நினைத்துவிடுவார். அதனால் சத்தம் கேட்டதும் முதலில் பார்க்கவேண்டியது அடாப்டரின் லேபிளை. சரியான அடாப்டரிலும், வேறு யூஎஸ்பி துளையிலும் அதே டிக் டிக் தொடர்ந்தால்தான் டிஸ்க்கில் தகவலைப் படிக்கும் தலைப்பகுதியில் கோளாறு என்று சந்தேகப்படவேண்டும். அப்போது உடனே நிறுத்திவிடவேண்டும். ஒவ்வொரு முயற்சியும் உள்ளே கீறலை அதிகமாக்கலாம்.

இனி கேசிங். லேப்டாப் டிஸ்க்குக்கான கேசிங் என்பது சட்டைப்பையில் போகும் ஒரு பெட்டி. மூடியைத் தள்ளித் திறந்து, டிஸ்க்கை உள்ளே இருக்கும் சாட்டா முனையில் செருகி, மூடினால் முடிந்தது. நான் வாங்கியது 29 வெள்ளி. இங்கே பார்க்கவேண்டியது தடிமன். லேப்டாப் டிஸ்க்குகள் பெரும்பாலும் 7 அல்லது 9.5 மில்லிமீட்டர். சில பெரிய கொள்ளளவு டிஸ்க்குகள் 12.5, 15 மில்லிமீட்டர்கூட வரும். மலிவான கேசிங் பெரும்பாலும் 9.5 வரைதான் ஏற்கும். 7 மில்லிமீட்டர் டிஸ்க் உள்ளே தளர்ந்து ஆடினால் கூடவே தரும் ஸ்பாஞ்ச் துண்டை ஒட்டவேண்டும். அந்தத் துண்டைப் பலர் பெட்டியோடு குப்பையில் போட்டுவிட்டுப் பிறகு தேடுவார்கள்.

மாமாவின் லேப்டாப் டிஸ்க் முதலில் எந்தக் கேசிங்கிலும் போகவில்லை. "ராங் சைஸ் போலருக்கு" என்று அவரே முடிவு செய்துவிட்டார். உற்றுப் பார்த்தால், டிஸ்க்கின் இணைப்பின்மேல் விரல்நுனி அகலத்துக்கு ஒரு கறுப்புப் பிளாஸ்டிக் துண்டு செருகியிருந்தது. சில லேப்டாப்புகளில் டிஸ்க்குக்கும் மதர்போர்டுக்கும் நடுவே இப்படி ஒரு இடைத்துண்டு இருக்கும். நகத்தால் இரண்டு ஓரத்திலும் மாற்றி மாற்றி நெம்பினேன், கழன்று வந்தது. அடியில் வழக்கமான சாட்டா. பக்கவாட்டில் இருந்த தகரச் சட்டத்தின் நான்கு திருகாணிகளையும் கழற்றவேண்டியிருந்தது. பிறகு வெண்ணெயில் கத்தி மாதிரி உள்ளே போனது.

கேசிங்கில் எதற்குக் காசு கொடுக்கலாம், எதற்கு வேண்டாம் என்றால், பழைய சுற்றும் டிஸ்க்குக்கு யூஎஸ்பி 3.0 போதும். அதற்குமேல் 10 ஜிகாபிட் என்று அட்டையில் போட்டிருப்பதெல்லாம் வீண். அந்த டிஸ்க்கே விநாடிக்கு 90, 100 மெகாபைட்டுக்கு மேல் தராது. ஆனால் யூஎஸ்பி 2.0 கேசிங் இன்னும் 15 வெள்ளிக்குக் கிடைக்கிறதே என்று அதை வாங்கவும் வேண்டாம். மாமாவின் லேப்டாப்பில் 380 ஜிபி இருந்தது. யூஎஸ்பி 2.0 நடைமுறையில் விநாடிக்கு 35 மெகாபைட் அளவு தரும், அந்தக் கணக்கில் மூன்று மணிநேரம். 3.0இல் 90 என்று வைத்தால் ஒரு மணி பத்து நிமிடம். சின்னச் சின்னப் படங்கள் ஆயிரக்கணக்கில் இருந்தால் இரண்டுமே இதைவிட நீளும். மின்சாரத்திலும் வித்தியாசம் உண்டு. யூஎஸ்பி 2.0 துளைக்கு வரையறுத்தது 0.5 ஆம்பியர், 3.0க்கு 0.9. சுற்றத் தொடங்கும்போது 1 ஆம்பியர் பக்கம் கேட்கும் டிஸ்க், பழைய துளையில் திணறலாம். அந்தக் காலத்துக் கேசிங்குகளில் இரண்டு யூஎஸ்பி தலையுள்ள கேபிள் வந்தது இதற்காகத்தான். இன்றும் டிஸ்க் கிளம்ப மறுத்தால் கேசிங்கைக் குறை சொல்வதற்கு முன் கேபிளை மாற்றிப் பாருங்கள். நீளமான, மெல்லிய கேபிளில் வோல்ட்டேஜ் இறங்கிவிடும். டெஸ்க்டாப்பின் முன்பக்கத் துளையைவிடப் பின்பக்கத் துளை மேல்.

உள்ளே போடுவது எஸ்எஸ்டி என்றால் மட்டும் யூஏஎஸ்பி உள்ள கேசிங்காகப் பார்ப்பது பலன் தரும். அது பல கோரிக்கைகளை ஒரே நேரத்தில் அனுப்பும் முறை. எஸ்எஸ்டியில் வேகம் கண்ணுக்குத் தெரியும், பழைய டிஸ்க்கில் பெரிதாகத் தெரியாது. அப்புறம், பல கேசிங்குகள் சில நிமிடம் வேலையில்லாவிட்டால் டிஸ்க்கைத் தூங்கவைத்துவிடும். மறுபடி திறக்கும்போது நான்கைந்து விநாடி எதுவும் அசையாது. அது கோளாறு இல்லை, டிஸ்க் எழுந்து சுற்றிக்கொண்டிருக்கிறது.

டெஸ்க்டாப் டிஸ்க்குக்கும் கேசிங் உண்டு, கிட்டத்தட்ட ஒரு சின்னப் புத்தகம் அளவு, அடாப்டரோடு. நான் அதைப் பரிந்துரைப்பதில்லை. விசிறி இல்லாத பெட்டிக்குள் நிமிடத்துக்கு 7200 தடவை சுற்றும் டிஸ்க்கை அடைத்து நம் வெப்பத்தில் ஓடவிடவேண்டும், எங்கே போனாலும் அடாப்டரையும் தூக்கவேண்டும். பத்து வருடம் ஓடிய 1 டிபி டிஸ்க்குக்காக அவ்வளவு சிரமம் தகாது. டிஸ்க்கை மேலிருந்து ரொட்டி டோஸ்டரில் போடுவதுபோல் செருகும் டாக் என்று ஒன்று இருக்கிறது. வாரம் நான்கு டிஸ்க் கையாளும் கல்யாணப் புகைப்படக்காரருக்கு அது சரி. இரண்டு துளை உள்ள டாக்கில் குளோன் பொத்தான் இருந்தால் கவனம். ஒரு டிஸ்க்கை மற்றதன்மேல் அப்படியே எழுதிவிடும், கம்ப்யூட்டர் இணைந்திருக்கவே வேண்டாம், தவறான துளையில் போட்டவர் படங்கள் போனது போனதுதான்.

ஆக, மாமா வீட்டு மேசைக்கு வருவோம். அடாப்டர் கேபிளை வைத்து முதலில் டெஸ்க்டாப் டிஸ்க்கை எடுத்தேன். அதுதான் அதிகம் உழைத்தது, அதனால் சந்தேகமும் அதில்தான். முதலில் கேபிளை டிஸ்க்கில் மாட்டி, அடாப்டரைப் போட்டு, டிஸ்க் சுற்றும் சத்தம் சீராகும்வரை காத்திருந்து, பிறகு யூஎஸ்பியைச் செருகினேன். திரையில் ஒன்றுக்கு மேற்பட்ட டிரைவ் எழுத்துகள் தோன்றின. பழைய விண்டோஸ் இருந்த டிஸ்க் என்பதால் பிரிவுகள் பல இருக்கும். அதில் ஒன்றுக்கு இப்படி ஒரு பெட்டி வந்தது: `You need to format the disk in drive G: before you can use it.` மாமா கை சுட்டியை நோக்கிப் போனது. `Cancel` அழுத்தச் சொன்னேன்.

அந்தப் பெட்டி சொல்வது "இந்தப் பிரிவை எனக்குப் படிக்கத் தெரியவில்லை" என்பது மட்டும்தான். உங்கள் படங்கள் வேறொரு எழுத்தில் பத்திரமாக இருக்கலாம். எல்லாப் பிரிவுக்கும் அதையே சொன்னால், டிஸ்க்குகளின் பிரிவுகளைக் காட்டும் விண்டோஸ் கருவியான `diskmgmt.msc` திறந்து பார்க்கவேண்டும். அங்கே `RAW` என்று காட்டினால் சில காரணங்கள் இருக்கலாம். அது ஆப்பிள் மேக்கில் ஓடிய டிஸ்க்காக இருக்கலாம். கோப்பு அமைப்பு சிதைந்திருக்கலாம். அல்லது அந்த டிஸ்க் முன்பு வேறொரு வெளிக் கேசிங்கில் இருந்திருக்கலாம். 2 டிபிக்கு மேற்பட்ட டிஸ்க்குகளைப் பழைய விண்டோஸ் ஏற்பதற்காகச் சில கேசிங்குகள், டிஸ்க் தகவலைப் பிரித்து வைக்கும் செக்டர் என்ற சின்னக் கட்டங்களின் அளவை மாற்றிக் காட்டும். அதில் எழுதியதை வேறு கேபிளில் படிக்க முடியாது, பழைய கேசிங்கிலேயே திரும்பப் போட்டால் எல்லாம் வந்துவிடும். புது லேப்டாப்பிலிருந்து வந்ததென்றால் பிட்லாக்கர் பூட்டு இருக்கலாம். அது 48 இலக்கச் சாவி கேட்கும். லேப்டாப்பில் உள்நுழைந்த மைக்ரோசாஃப்ட் கணக்கில் அது பெரும்பாலும் சேமிக்கப்பட்டிருக்கும். சாவி இல்லாவிட்டால் எந்தக் கேபிளும் உதவாது.

கோப்புகளைத் தொடுவதற்கு முன் CrystalDiskInfo திறந்து டிஸ்க்கின் உடல்நிலையைப் பார்த்தேன். நான் பார்ப்பது மூன்று வரி: `05`, `C5`, `C6`. முதலாவது, கெட்டுப்போய் ஒதுக்கிவைக்கப்பட்ட செக்டர்கள். இரண்டாவது, படிக்க முடியாமல் தீர்ப்புக்காகக் காத்திருப்பவை. மூன்றாவது, கைவிடப்பட்டவை. டெஸ்க்டாப் டிஸ்க்கில் `C5` வரியில் `10` என்று இருந்தது. பத்து இல்லை, பதினாறு. அந்த நிரல் எடுத்த எடுப்பில் பதினாறை அடியாகக் கொண்ட எண்முறையில்தான் எண்ணைக் காட்டும். பதினாறு செக்டர் கண்ணை மூட ஆரம்பித்துவிட்டன. இந்த டிஸ்க்கின் கதை முடிந்தது, உள்ளே இருப்பதை எடுத்துக்கொண்டு ஓய்வு கொடுக்கவேண்டியதுதான். லேப்டாப் டிஸ்க்கில் மூன்று வரியும் சுத்தமான சைபர்.

பிறகு `Users` ஃபோல்டருக்குள் மாமாவின் பெயரைத் திறந்ததும் `You don't currently have permission to access this folder` என்றது. பழைய கம்ப்யூட்டரின் பயனர் வேறு, இந்தக் கம்ப்யூட்டரின் பயனர் வேறு, அதுதான் விஷயம். `Continue` அழுத்தினால் அனுமதியை மாற்றிக்கொள்ளும், கோப்புகள் அதிகம் இருந்தால் பல நிமிடம் ஆகும். கெடத் தொடங்கிய டிஸ்க்கில் படங்களை இழுத்துப் போட்டு நகலெடுக்காதீர்கள், ஒரு கோப்பில் சிக்கினால் மொத்தமும் அங்கேயே நிற்கும். நான் கமாண்ட் பிராம்ப்டில் கொடுத்த கட்டளை இது:

```
robocopy F:\Users\Mama\Pictures D:\Kadai\Pictures /E /R:1 /W:1 /XJ
```

`/R:1`, `/W:1` இரண்டும் முக்கியம். அவற்றைப் போடாவிட்டால் படிக்க முடியாத ஒவ்வொரு கோப்பையும் முப்பது விநாடிக்கு ஒருமுறை பத்து லட்சம் தடவை முயலும். சாகப்போகும் டிஸ்க்கை அப்படிப் போட்டு அடிப்பது நல்லதல்ல. ஒருமுறை மறுபடி முயன்று, முடியாவிட்டால் அடுத்ததற்குப் போகட்டும். கடைசியில் `Failed` என்ற நெடுவரிசையில் எத்தனை விட்டுப்போயின என்று காட்டும். எங்களுக்கு நான்கு. மூன்று ஏதோ அச்சுக்கான எழுத்துரு, ஒன்று 2014இல் யாருக்கோ அடித்த காதணி விழா அட்டை.

வேலை பாதியில் இருக்கும்போது மாலை நான்கு மணிக்கு வழக்கம்போல் இடி. ஒரு மின்னலில் மெயின் சுவிட்ச் டிரிப் ஆகி வீடு இருண்டது. டிஸ்க் உய்ய்ய் என்று இறங்கி நின்றது. படித்துக்கொண்டு மட்டும் இருந்ததால் ஒன்றும் ஆகவில்லை, அதே கட்டளையை மறுபடி கொடுத்தால் ஏற்கெனவே வந்தவற்றை விட்டுவிட்டு மிச்சத்தை எடுக்கும். ஆனால் எழுதிக்கொண்டிருந்தால் கதை வேறு. லேப்டாப் டிஸ்க்குக்கு இங்கே ஒரு சாதகம் உண்டு: மின்சாரம் யூஎஸ்பியிலிருந்து வருவதால், மாட்டியிருக்கும் லேப்டாப்பின் பேட்டரி இருக்கும்வரை அதுவும் ஓடும். கோலாலம்பூர் மாலை மழையை நினைத்தால் இது சின்ன விஷயம் இல்லை. அதிலிருந்து 3.5 அங்குல டிஸ்க் வேலைகளைக் காலையில் வைத்துக்கொள்கிறேன்.

கடைசியில் இப்படி முடிவானது. டெஸ்க்டாப் டிஸ்க்குக்குக் கேபிள் மட்டும், ஒரே ஒரு தடவை. லேப்டாப் டிஸ்க்குக்கு அந்த 29 வெள்ளி கேசிங். அதில் இருந்த 380 ஜிபியையும் முதலில் என் கம்ப்யூட்டருக்கு நகலெடுத்து, சில படங்களைத் திறந்து பார்த்தபின்தான் டிஸ்க்கைத் துடைத்தேன். பழைய விண்டோஸ் டிஸ்க்கில் இருக்கும் சின்னப் பிரிவுகளில் சிலவற்றை வழக்கமான வழியில் நீக்க முடியாது, `Delete Volume` மங்கலாக இருக்கும். அதற்கு நிர்வாகி உரிமையோடு கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து இவற்றைக் கொடுக்கவேண்டும்:

```
diskpart
list disk
select disk 2
clean
```

உங்கள் கம்ப்யூட்டரில் எண் 2 ஆக இருக்கவேண்டியதில்லை. `list disk` காட்டும் அளவைப் பாருங்கள், 500 ஜிபி டிஸ்க் 465 ஜிபி என்று தெரியும். சந்தேகம் வந்தால் யூஎஸ்பியைக் கழற்றி மறுபடி `list disk` கொடுங்கள், எந்த வரி மறைகிறதோ அதுதான். `clean` உறுதியா என்று கேட்காது. பிறகு `diskmgmt.msc` வழியாக ஒரே பிரிவாக்கி exFAT வடிவில் ஃபார்மேட் செய்தேன். மாமாவின் மகள் வீட்டில் மேக் இருப்பதால் அது இரண்டிலும் எழுதும். விண்டோஸ் மட்டும் என்றால் NTFS வைத்திருப்பேன், திடீரெனக் கேபிள் உருவப்பட்டால் அது கொஞ்சம் தாங்கும்.

இந்த டிஸ்க் இனி இரண்டாவது நகல்தான் என்று மாமாவிடம் திரும்பத் திரும்பச் சொன்னேன். அவர் வழக்கம்போல் தலையாட்டினார். ஓடும்போது தூக்கி நடக்கக்கூடாது என்பதையும் சொன்னேன். உள்ளே தட்டுக்கும் தலைக்கும் நடுவே மயிரிழையைவிடக் குறைவான இடைவெளி. `Eject` கொடுத்து, சுற்றும் சத்தம் அடங்கியபின்தான் கையில் எடுக்கவேண்டும்.

மிச்சம் இருந்தது டெஸ்க்டாப் டிஸ்க். "அதைத் தூக்கிப் போட்டுடுடா" என்றார். அச்சுக்கடை டிஸ்க் அது. உள்ளே வாடிக்கையாளர்களின் ஐசி நகல்கள், முகவரிகள், தொலைபேசி எண்கள் பத்து வருடத்துக்கு இருந்தன. `clean` மேலோட்டமாகப் பிரிவுகளை மட்டும் அழிக்கும். `clean all` கொடுத்தால் டிஸ்க் முழுக்கச் சைபர் எழுதும், 1 டிபிக்கு மூன்று மணிநேரம் பக்கம் ஆகும். கொடுத்துவிட்டுச் சாப்பிடப் போனோம். திரும்பி வந்தபோது கெட்ட செக்டரில் முட்டிப் பிழை காட்டி நின்றிருந்தது. மாமா மோட்டார் சைக்கிள் பழுதுபார்க்கும் பக்கத்து வீட்டுத் தம்பியிடம் டிரில் கேட்டுவரப் போனார்.